ஆர்.எஸ்.ஐ. 89-ஐத் தொட்டால் விற்றுவிட வேண்டுமா?

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. மூன்றிலும் பா.ஜ.க. வென்றிருந்தது. அன்று நிஃப்டி ஒரே நாளில் 419 புள்ளிகள் ஏறி, 20,687-இல் முடிந்தது. அதற்கு முன் அது தொடாத உயரம் அது. சார்ட் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் கண்ணில் இன்னொன்றும் பட்டது. ஆர்.எஸ்.ஐ. என்ற இண்டிகேட்டர் 70-ஐ நன்றாகத் தாண்டி, ‘ஓவர்பாட்’ எல்லைக்குள் போயிருந்தது.

பாடப் புத்தகங்கள் சொல்வது எளிமையான விதி: 70-க்கு மேல் போனால் விற்கவும், 30-க்குக் கீழே வந்தால் வாங்கவும். அந்த விதியை நம்பி அன்று விற்றவர்களுக்கு அந்த விலையில் திரும்ப வாங்கும் வாய்ப்பு அந்த மாதம் வரவில்லை. அடுத்த ஆண்டு முழுவதும்கூட வரவில்லை. 2024 செப்டம்பர் 26 அன்று நிஃப்டி 26,216-இல் முடிந்தது.

விதி எங்கே தவறியது? புதிய முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, நிஃப்டியின் உண்மையான கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஆர்.எஸ்.ஐ. எதைத்தான் அளக்கிறது?

இதை உருவாக்கியவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். இயந்திரப் பொறியாளராக இருந்து சந்தைக்கு வந்தவர். 1978-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை அறிமுகப்படுத்தினார். கணக்கு கடினமானதல்ல. கடந்த 14 வர்த்தக நாட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறிய நாட்களில் எத்தனை புள்ளி ஏறியது, இறங்கிய நாட்களில் எத்தனை புள்ளி இறங்கியது என்று தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்த மொத்த அசைவில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் ஆர்.எஸ்.ஐ.

```
RSI = 100 × ஏற்றம் / (ஏற்றம் + இறக்கம்)
```

டிசம்பர் 4-க்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். நவம்பர் 13 முதல் டிசம்பர் 4 வரை 14 வர்த்தக நாட்கள். அவற்றில் 9 நாட்கள் ஏற்றம்; மொத்தம் 1,332 புள்ளிகள். 5 நாட்கள் இறக்கம். மொத்தம் 170 புள்ளிகள். ஆக, சந்தை அசைந்தது 1,502 புள்ளிகள். அதில் 1,332 மேல்நோக்கியவை. 1,332-ஐ 1,502-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 88.7 வருகிறது. 89 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சிறு விளக்கம். வைல்டரின் அசல் முறையில் 15-ஆம் நாள் வந்ததும் முதல் நாள் சட்டென்று கழன்றுவிடாது. பழைய நாட்களின் பாதிப்பு மெல்ல மெல்லத்தான் தேயும். உங்கள் புரோக்கரின் திரையில் தெரிவது பெரும்பாலும் அந்த எண்தான். அதனால் அது இந்தக் கணக்கிலிருந்து சில புள்ளிகள் விலகியிருக்கும். கையால் போட்டுச் சரிபார்க்க முடியும் என்பதற்காக இந்தக் கட்டுரை முழுவதும் எளிய கூட்டல் கணக்கையே பயன்படுத்துகிறேன். இரண்டு முறையிலும் வரும் பாடம் ஒன்றுதான்.

89 என்றால் விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படிப் பொருளில்லை. குழப்பம் தொடங்கும் இடமே இதுதான்.

மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள். அதில் நிறுவனங்களின் லாபம் இல்லை. பங்கின் நியாயமான விலை என்ன என்ற கேள்வியே இல்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே இருக்கிறது. 200 ரூபாய் விலையுள்ள ஒரு பங்கு தினமும் 25 காசு வீதம் 14 நாட்கள் இடைவிடாமல் ஏறுகிறது என்று வையுங்கள். மொத்த ஏற்றம் மூன்றரை ரூபாய்; இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் இறங்கிய நாளே இல்லாததால் ஆர்.எஸ்.ஐ. 100 காட்டும். இந்தப் பங்கு விலை மீறிப் போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, 89 என்ற எண் சொல்லும் செய்தி இவ்வளவுதான்: கடந்த 14 நாட்களில் வாங்குபவர்கள் கை மிகவும் ஓங்கியிருந்தது, விற்பவர்களால் விலையைக் கீழே இழுக்க முடியவில்லை. வலுவான ஏற்றம் நடக்கும்போது இருக்க வேண்டிய நிலையே அது. ஏற்றத்தின் பலத்தைக் காட்டும் அளவையே ஏற்றம் முடிந்ததற்குச் சாட்சியாக வைத்தால், சந்தை எப்போது மிகப் பலமாக இருக்கிறதோ அப்போதெல்லாம் நாம் வெளியேறிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்.எஸ்.ஐ.-க்கு 100 என்ற கூரை உண்டு. விலைக்குக் கூரை கிடையாது. இதே கணக்கில் டிசம்பர் 4-க்கு முன்பே, நவம்பர் 29 அன்றே ஆர்.எஸ்.ஐ. 80-ஐத் தொட்டுவிட்டது. அன்று நிஃப்டி 20,097. அங்கிருந்து ஆர்.எஸ்.ஐ. ஏற மீதமிருந்த இடம் 20 புள்ளிகள்தான். நிஃப்டியோ அடுத்த 10 மாதங்களில் 6,000 புள்ளிகளுக்கு மேல் ஏறியது.

எவ்வளவு ஏறினாலும் ஆர்.எஸ்.ஐ. ஒருநாள் இறங்கித்தானே ஆகும்? அதுவரை காத்திருந்து மறுபடி வாங்கிக்கொள்ளலாமே?

ஆர்.எஸ்.ஐ. இறங்கும் என்பது உண்மை. அதனுடன் விலையும் பழைய இடத்துக்கு இறங்கி வரும் என்ற எதிர்பார்ப்புதான் ஏமாற்றுகிறது.

ஆர்.எஸ்.ஐ. இறங்குவதற்கு விலை விழ வேண்டிய அவசியமே இல்லை. விலை ஒரே இடத்தில் மேலும் கீழுமாக 14 நாட்கள் அசைந்தாலே போதும். ஒரு நாள் 10 ரூபாய் ஏற்றம், மறுநாள் 10 ரூபாய் இறக்கம் என்று போனால், 14-ஆவது நாள் ஏற்றமும் இறக்கமும் சமமாகி ஆர்.எஸ்.ஐ. 50-க்கு வந்து நிற்கும். விலை தொடங்கிய இடத்திலேயே இருக்கும். வலுவான ஏற்றங்களில் சந்தை இளைப்பாறுவது பல நேரங்களில் இப்படித்தான்.

நிஃப்டியில் நடந்ததைத் தொடர்ந்து பாருங்கள். டிசம்பர் 20 அன்று ஒரே நாளில் 303 புள்ளிகள் சரிந்தது. “நான் அப்போதே சொன்னேனே” என்று பலரும் சொல்லியிருக்கக்கூடிய நாள். அன்றைய முடிவு 21,150. டிசம்பர் 4-ஐவிட 463 புள்ளிகள் மேலே. ஆர்.எஸ்.ஐ. அப்போதும் 76. ஓவர்பாட் எல்லையைவிட்டு வெளியே வரவேயில்லை.

பிறகு ஜனவரி வந்தது. 17-ஆம் தேதி எச்.டி.எஃப்.சி. வங்கிப் பங்கு கடுமையாக விழுந்தது. நிஃப்டி 460 புள்ளிகள் இறங்கியது. 23-ஆம் தேதி இன்னும் 333 புள்ளிகள் இறங்கி 21,239-இல் முடிந்தது. அன்றைய 14 நாள் கணக்கு: ஏற்றம் 938, இறக்கம் 1,217. ஆர்.எஸ்.ஐ. 43.5.

இப்போது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்.எஸ்.ஐ. 89-இலிருந்து 43.5-க்கு, ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. நிஃப்டியோ 20,687-இலிருந்து 21,239-க்கு ஏறியிருக்கிறது. 89-இல் விற்றுவிட்டு, “சூடு தணியட்டும்” என்று காத்திருந்தவர், சூடு தணிந்தபின் 552 புள்ளிகள் அதிகம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வாங்கவும் மாட்டார்கள். விற்ற விலையைவிட அதிகம் கொடுக்க மனம் வராது. “30-க்கு வரட்டும்” என்று உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் 70, 30 என்ற எல்லைகளே தவறா?

சந்தை எந்தத் திசையிலும் போகாமல் ஒரு பட்டைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்போது அவை ஓரளவு நன்றாகவே உதவுகின்றன. வாங்குபவர்களும் விற்பவர்களும் சமபலத்தில் இருக்கும்போது, ஒரு பக்கம் கை ஓங்கினால் மறுபக்கம் திரும்ப இழுத்துவிடும். பலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு அந்த எல்லைகளுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

இதை முறையாக எடுத்துச் சொன்னவர் ஆண்ட்ரூ கார்ட்வெல். அவர் சொன்னது: ஏறுமுகச் சந்தையில் ஆர்.எஸ்.ஐ. பெரும்பாலும் 40-க்கும் 80-க்கும் இடையில் உலவும். இறங்குமுகச் சந்தையில் 20-க்கும் 60-க்கும் இடையில் உலவும். ஏறுமுகத்தில் 80 வரை போவது அன்றாடச் செய்தி. திரும்பி வரும்போது 40-ஐ ஒட்டி நின்று மறுபடி ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய செய்தி. இவை கல்லில் செதுக்கிய எண்கள் இல்லை. சில புள்ளிகள் முன்பின் ஆகும். நாம் கண்ட 89 அந்த 80-ஐயும் தாண்டியது. ஆனால் ஜனவரி 23-இன் 43.5 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பயம் உச்சத்தில் இருந்த நாளிலும் 40-க்கு மேலேதான். அடுத்த சில நாட்களிலேயே சந்தை மீண்டது.

ஓவர்பாட் ஆனபின் சந்தை உண்மையிலேயே விழுந்ததில்லையா?

நிச்சயமாக விழுந்திருக்கிறது. சாதகமான உதாரணத்தை மட்டும் காட்டினால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கெடுதல் செய்ததாகிவிடும்.

அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 2022 டிசம்பர் 1. நிஃப்டி 18,812-இல் முடிந்தது. அன்றைக்கு அதுவும் புதிய உச்சம். இதே கணக்கில் ஏற்றம் 733, இறக்கம் 270, ஆர்.எஸ்.ஐ. 73. அதாவது ஓவர்பாட். இந்த முறை விதி பலித்தது. டிசம்பர் 23 அன்று நிஃப்டி 17,807. 2023 மார்ச் 24 அன்று 16,945.

73-இல் விற்றவர் தப்பித்தார். 89-இல் விற்றவர் தவறவிட்டார். கூடுதலாக ‘ஓவர்பாட்’ ஆன சந்தைதான் ஏறியது. இதிலிருந்தே தெரிகிறது, எண் எவ்வளவு உயரம் போனது என்பது அடுத்து நடக்கப்போவதைச் சொல்லவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டியது, ஆர்.எஸ்.ஐ. இறங்கி வந்தபோது எங்கே நின்றது என்பது. 2022 டிசம்பரில் அது 40-இல் நிற்கவில்லை. டிசம்பர் 23 அன்று 14 நாள் ஏற்றம் 364, இறக்கம் 1,258, ஆர்.எஸ்.ஐ. 22.4. கூடவே நிஃப்டியும் உச்சத்தைவிட 1,000 புள்ளிகள் கீழே வந்துவிட்டது. ஏறுமுகத்துக்கான எல்லையை உடைத்துக்கொண்டு வந்த இறக்கம் அது.

அது தெரிவதற்குள் 1,000 புள்ளி போய்விட்டதே. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லையா?

உச்சத்திலேயே தெரிந்துகொள்ளும் வழி எதுவும் இல்லை. உச்சத்தில் விற்றுத் தருவதாகச் சொல்லும் எந்த முறையையும் நம்பாதீர்கள். ஆனால் 1,000 புள்ளிகள் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வெளியேறும் முடிவை ஆர்.எஸ்.ஐ.-யிடமிருந்து எடுத்து விலையிடமே கொடுத்துவிட வேண்டும்.

ஏறுமுகம் என்றால் ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தைவிட உயரத்தில் இருக்கும். அது உடையாதவரை ஏற்றம் உயிரோடு இருக்கிறது. கடைசிப் பள்ளத்துக்குக் கீழே சந்தை முடிந்தால் வெளியேறலாம். நாள் நடுவில் தொட்டுத் திரும்பும் விலைகளை விட்டுவிட்டு, நாள் முடிவு விலையை மட்டும் பார்த்தால் வீண் பதற்றம் குறையும்.

இரண்டு உதாரணங்களிலும் இதை வைத்துப் பார்ப்போம். 2022-இல் உச்சத்துக்கு முந்தைய பள்ளம் நவம்பர் 21 அன்று, 18,160. டிசம்பர் 22 அன்று நிஃப்டி 18,127-இல் முடிந்து அதை உடைத்தது. அங்கே வெளியேறியிருந்தால் உச்சத்திலிருந்து 685 புள்ளிகள் இழப்பு; ஆனால் அதற்குப் பிறகு வந்த 1,182 புள்ளிகள் சரிவு நம்மைத் தொடாது. 2024 ஜனவரியில் முந்தைய பள்ளம் டிசம்பர் 20-இன் 21,150. ஜனவரி 23 அன்று நிஃப்டி 21,239-இல் முடிந்தது. 89 புள்ளி இடைவெளியில் பள்ளம் தப்பியது, ஏற்றம் தொடர்ந்தது. ஒரே விதி ஒருமுறை வெளியேற்றியது, மறுமுறை உள்ளே வைத்திருந்தது.

இந்த விதிக்கும் விலை உண்டு. எப்போதும் உச்சத்துக்குக் கீழேதான் விற்பீர்கள். சில நேரம் பள்ளத்தை லேசாக உடைத்துவிட்டு, நீங்கள் விற்ற மறுநாளே சந்தை ஏறும். பெரிய ஏற்றத்தில் முழுதாக உட்கார்ந்திருப்பதற்குக் கொடுக்கும் கட்டணம் என்று அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது நடப்பது வலுவான ஏற்றமா, பட்டைக்குள் ஆட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சார்ட்டை ஓராண்டுக்கு விரித்துப் பாருங்கள். உச்சங்களும் பள்ளங்களும் படிப்படியாக உயர்கின்றனவா? விலை 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கிறதா, அந்தச் சராசரிக் கோடே மேல்நோக்கிப் போகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் ஏறுமுகம். விலை அந்தக் கோட்டை மேலும் கீழும் வெட்டிக்கொண்டு, கோடும் படுத்துக் கிடந்தால் பட்டைக்குள் ஆட்டம்.

எண்ணாகவே வேண்டுமென்றால், அதற்கும் வைல்டரே ஒரு கருவி தந்திருக்கிறார். ஆர்.எஸ்.ஐ. வெளிவந்த அதே 1978 புத்தகத்தில்தான் ஏ.டி.எக்ஸ். என்ற இண்டிகேட்டரும் வந்தது. திசையைச் சொல்லாமல், திசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். 25-க்கு மேல் இருந்தால் ட்ரெண்ட் வலுவானது, 20-க்குக் கீழே இருந்தால் ட்ரெண்டே இல்லை என்பது வழக்கமான கணிப்பு. ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டியதும் விற்கக் கை துடித்தால், முதலில் ஏ.டி.எக்ஸ். எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வைல்டர் இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்தார். நாம்தான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

விற்கக் கூடாது என்றால், ஓவர்பாட் ஆன பங்கைப் புதிதாக வாங்கலாமா?

இரண்டும் வேறு வேறு முடிவுகள். கையில் இருப்பதை வைத்திருப்பவருக்கு முந்தைய பள்ளம் ஏற்கெனவே அவர் வாங்கிய விலைக்கு மேலே வந்திருக்கலாம். அவர் லாபத்தோடு காத்திருக்கிறார். 89-இல் புதிதாக வாங்குபவருக்கு அந்தப் பள்ளம் வெகு தூரம் கீழே இருக்கும். 2023 டிசம்பர் 4 அன்று 20,687-இல் நுழைபவருக்கு அருகிலிருந்த பள்ளம் நவம்பர் 20-இன் 19,694. கிட்டத்தட்ட 1,000 புள்ளிகள், ஏறக்குறைய 5 சதவீத இழப்பைத் தாங்கத் தயாராக இருந்தால்தான் வாங்க வேண்டும். அது அதிகம் என்று தோன்றினால் சந்தை சற்று இளைப்பாறும்வரை காத்திருப்பது நல்லது.

இன்னும் ஆபத்தானது, ஓவர்பாட் என்பதற்காக ஃபியூச்சர்ஸில் ஷார்ட் போவது. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 50. டிசம்பர் 4-இன் விலைக்கு ஒரு லாட் ஷார்ட் போனவருக்கு, டிசம்பர் 28 அன்று நிஃப்டி 21,779-இல் முடிந்தபோது ஏறக்குறைய 54,600 ரூபாய் நஷ்டம். பங்கை விற்றவர் லாபத்தைத்தான் இழந்தார். இவர் கைக்காசை இழந்தார்.

இது எல்லாப் பங்குகளுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. நிஃப்டி போன்ற குறியீட்டுக்கும், தினமும் நிறையப் பேர் வாங்கி விற்கும் பெரிய பங்குகளுக்கும் பொருந்தும். ஆளில்லாத சிறு பங்குகளிடம் எச்சரிக்கை தேவை. சிலர் சேர்ந்து விலையை ஏற்றும்போது, பங்கு தினமும் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். இறங்கிய நாளே இருக்காது, ஆர்.எஸ்.ஐ. 100-ஐ ஒட்டி நிற்கும். அங்கே அந்த எண் வாங்குபவர்களின் பலத்தைக் காட்டவில்லை, விற்பனைக்கு வராத பங்கைக் காட்டுகிறது. கதவு திறக்கும்போது லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் வாங்க ஆளில்லாமல் ஆர்டர் நிற்கும். அத்தகைய பங்கில் பள்ளத்தைப் பார்த்து வெளியேறும் முறையும் காப்பாற்றாது. தினசரி வர்த்தக அளவைப் பார்க்காமல் ஆர்.எஸ்.ஐ.-யைப் பார்ப்பதில் பயனில்லை.

கடைசியாக, நான் என்ன செய்ய வேண்டும்?

அடுத்த முறை ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டும்போது, விற்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். ஒன்று, சந்தை ஏறுமுகமா, பட்டைக்குள் ஆட்டமா. இரண்டு, கடைசிப் பள்ளம் எந்த விலையில் இருக்கிறது. பட்டைக்குள் ஆட்டம் என்றால் லாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுமுகம் என்றால் அந்தப் பள்ளத்தின் விலையைக் குறித்து வைத்துக்கொண்டு, புதிய பள்ளம் உருவாகும்போதெல்லாம் அதை உயர்த்திக்கொண்டே போங்கள். அந்த விலை உடைந்தால் தயங்காமல் விற்றுவிடுங்கள். உடையாதவரை 70 என்ற எண்ணுக்காக மட்டும் விற்காதீர்கள்.